யார் பார்த்தது, எங்கே, எப்போது: எங்கள் தெருக் குழுவுக்கு விதி எழுதிய அனுபவம்

முடிச்சூர் பக்கம் எங்கள் நான்கு தெருக்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 2015 வெள்ளத்தில் யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் தவித்தோம். அடுத்த வருடமே ஆரம்பித்த குழு இது. இப்போது 230 பேர் இருக்கிறோம். நானும் இன்னும் இரண்டு பேரும் அட்மின்கள். குழுவைத் திறந்தால் மேலே ஒரு விதிப் பதிவு பின் செய்யப்பட்டிருக்கும். பக்கத்து நகர்களில் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் குழுவில் ஒட்டுகிறார்கள். பத்து நாள் கழித்து, "அக்கா, யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க" என்று திரும்பி வருகிறார்கள். எங்கள் குழுவில் அது ஓரளவு நடப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நாங்கள் எல்லோரும் கூடவே இருந்து பார்த்த ஒரு சம்பவம் இருப்பதுதான். அந்தச் சம்பவங்களை இங்கே எழுதுகிறேன்.

முதல் சம்பவம் மிக்ஜாம் புயலின்போது நடந்தது. 2023 டிசம்பர் 3 ராத்திரி பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. 4-ஆம் தேதி சாயங்காலம் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் காலையிலேயே போய்விட்டது. போனில் இருக்கிற சார்ஜ்தான் எல்லோருக்கும் சொத்து. டவர் கிடைப்பதும் விட்டு விட்டுத்தான். அந்த நேரத்தில், இரவு ஒன்பதரை மணி வாக்கில், குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது நொடி இருக்கும். பதற்றமான ஓர் ஆண் குரல். தான் அணையிலிருந்து பேசுவதாகச் சொன்னது. "செம்பரம்பாக்கத்தை மொத்தமா திறந்துட்டாங்க, இருபத்தொன்பதாயிரம் கன அடி வருது, முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் ரெண்டு மணி நேரத்துல மூழ்கிடும், உடனே கிளம்புங்க."

பத்து நிமிஷத்துக்குள் அதே பதிவை இன்னும் ஆறு பேர் போட்டார்கள். வேறு வேறு குழுவிலிருந்து அவரவருக்கு வந்தது. ஆறு முறை வந்ததால் அது ஆறு மடங்கு உண்மை போலத் தெரிந்தது. மூன்றாவது தெருவில் ஒரு பையன், எழுபத்தெட்டு வயது அப்பாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போய்விடலாம் என்று கிளம்பினான். தெரு முனையில் மூடி இல்லாமல் கிடந்த மழைநீர்க் கால்வாய் தண்ணீருக்குள் தெரியவில்லை. வண்டி அதில் இறங்கியது. பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்தத் தண்ணீரில் அவரை நான்கு பேர் கதவுப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மதியம் படகு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது.

அந்தக் குரல் பதிவில் இரண்டு தவறுகள் இருந்தன. நிதானமாகக் கேட்டிருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும். முதலாவது அந்த எண். விநாடிக்கு 29,000 கன அடி என்பது 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட அளவு. அந்த வெள்ளத்தைப் பார்த்த எங்கள் ஊரில் அந்த எண்ணைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவு மழையோடு மறுபடி கிளம்பி வந்திருக்கிறது. இரண்டாவது, நீர் போகும் வழி. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைப் பக்கம். அது எங்களைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப் போக்கில் இருக்கிறது. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து. செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறந்தாலும் அது முதலில் போவது அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம். நாங்கள் பார்க்க வேண்டியது செம்பரம்பாக்கத்தை அல்ல, எங்களுக்கு மேலே இருக்கிற ஏரிகளை.

எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம் இன்னொன்று. எங்கள் குழுவில் ஆற்றோரமாக வீடு உள்ள ஒருவர் இருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு எதிரே உள்ள சிறு பாலத்தின் தூணில் அவரே பெயின்ட்டில் ஐந்து கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் ஓர் அடி. அன்று இரவு 9.50-க்கு அவர் போட்ட செய்தி இது: "பாலத்தில் தண்ணி மூணாவது கோடு. எட்டு மணிக்கும் மூணுதான். ஏறல. நான் மாடியில் இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன்." எங்கள் தெருக்காரர்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல் அதுதான். அது வந்தபோது குழுவில் படிக்காத செய்திகள் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. அந்தப் பையன் அதைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளிப் படித்தபோதுதான் பார்த்தான்.

அந்தச் செய்தியை நான் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். யார் பார்த்தது என்று இருக்கிறது. எங்கே என்று இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று இருக்கிறது. முன்பு எப்படி இருந்தது என்பதும் இருப்பதால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிகிறது. எங்கள் முதல் விதி அதிலிருந்து எடுத்ததுதான். மழை, தண்ணீர், கரண்ட், திருட்டு, விபத்து, எதைப் பற்றி எழுதினாலும் யார் பார்த்தது, எங்கே, எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் போடக் கூடாது. "எங்க மச்சான் சொன்னார்" என்றால், மச்சான் கண்ணால் பார்த்தாரா, அவருக்கும் யாராவது அனுப்பினார்களா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

பலபேர் கையைத் தாண்டி வந்த செய்தியை வாட்ஸ்அப்பே கொஞ்சம் காட்டிக் கொடுக்கும். ஐந்து கை மாறிய பிறகு அதன் மேல் இரட்டை அம்புக்குறியும் `Forwarded many times` என்ற வரியும் வரும். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்பவும் முடியும். எங்கள் குழுவில் இரட்டை அம்புக்குறி உள்ளது எதுவும் வரக் கூடாது. இதில் விலக்கே கிடையாது. சாமி படமானாலும் சரி, அரசு அறிவிப்பு போலத் தெரிந்தாலும் சரி. அரசு அறிவிப்பு என்றால் மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்திலோ வானிலை மையத்தின் பக்கத்திலோ போய் எடுத்து அந்த இணைப்பைப் போடலாம்.

ஆனால் அம்புக்குறி இல்லாததால் செய்தி புதிது என்று நினைத்துவிடக் கூடாது. இதை நாங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். எழுத்தை நகல் எடுத்து ஒட்டினால் குறி போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் போய்விடும். வீடியோவை கேலரியில் இறக்கி அங்கிருந்து ஏற்றினால் தானே எடுத்த வீடியோ போலவே தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் நான் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இது நீங்க எடுத்ததா?" திட்ட வேண்டியதே இல்லை. "இல்லக்கா, வந்துச்சு" என்று சொல்லும்போதே அவர்கள் கை நீக்கப் போய்விடும்.

அதே புயலில் நாங்கள் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். குரல் பதிவுகள் குவிந்ததும், பத்தேகால் மணிக்கு நான் குழுவை "அட்மின்கள் மட்டும் எழுதலாம்" என்று மாற்றிவிட்டேன். குழு அமைதியானது. சரியாகச் செய்தோம் என்றுதான் நினைத்தேன். விடிந்த பிறகு தெரிந்தது, முதல் தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து, உதவி கேட்டு எழுத முயன்றிருக்கிறது. எழுத முடியவில்லை. புதிதாக வந்தவர்கள், யாருடைய எண்ணும் அவர்களிடம் இல்லை. கைக்குழந்தையோடு சமையல் மேடை மேல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மேல் மாடிக்காரர் சத்தம் கேட்டு வந்து கூட்டிப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்னும் அந்தச் சமையல் மேடை கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் பொதுக் குழுவைப் பூட்டுவதில்லை. அறிவிப்புக்கென்று தனிக் குழு வைத்துவிட்டோம். அதில் ஐந்து பேர் மட்டும் எழுதுவார்கள். அந்த ஐவரில் பாலத்துக்காரரும் ஒருவர். மழை நாளில் தகவல் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள், உதவி வேண்டுமென்றால் பொதுக் குழுவில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

மூன்று கேள்வி விதி வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். 2024 மார்ச்சில் அது போதாது என்று தெரிந்தது. அப்போது சென்னை முழுக்கக் குழந்தை கடத்தல் வதந்தி. நம்ப வேண்டாம் என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் இரண்டாவது தெருவிலிருந்து ஒருவர் தன் வீட்டு சி.சி.டி.வி. காட்சியை அனுப்பினார். பதினெட்டு நொடி. நடுத்தர வயதுப் பெண் ஒருவர், தோளில் துணிப்பை, கேட்டுக்கு வெளியே நிற்கிறார். நான்கு வயதுக் குழந்தை ஒன்று கேட் கம்பி வழியாகக் கை நீட்டுகிறது. அந்தப் பெண் பைக்குள் கை விட்டு எதையோ எடுத்துக் கொடுக்கிறார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகிறார். கீழே எழுதியிருந்தது: "இன்று மதியம் 1.20, எங்கள் வீட்டு வாசல். பிள்ளை பிடிக்கிற கும்பல். உஷார்."

யார், எங்கே, எப்போது மூன்றும் இருக்கிறது. அவரே எடுத்தது. அம்புக்குறி இல்லை. எங்கள் விதிப்படி அதில் தவறே இல்லை. நான் பார்த்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. நீக்கினேன். அதற்குள் அது வேறு இரண்டு நகர்களின் குழுக்களுக்குப் போய்விட்டது. அட்மின் நீக்கினால் எங்கள் குழுவில்தான் மறையும். அடுத்தவர் கேலரியில் இறங்கியதும், வேறு குழுவுக்குப் போனதும் அப்படியேதான் இருக்கும்.

அந்தப் பெண் எங்கள் தெருவுக்கே வேலைக்கு வந்தவர். படுக்கையில் இருக்கிற ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள முந்தின நாள்தான் சேர்ந்திருக்கிறார். விழுப்புரம் பக்கத்துக்காரர். வீடு தெரியாமல் அந்த கேட்டில் நின்று விசாரிக்கலாம் என்று பார்த்திருக்கிறார். குழந்தை எறிந்த பந்து வெளியே வந்து விழுந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு யாராவது பெரியவர்கள் வருகிறார்களா என்று பார்த்து, வராததால் குழந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்திருக்கிறார். பந்து விழுந்த காட்சி, அந்தப் பதினெட்டு நொடிக்கு முன்னால் இருந்தது. வெட்டி அனுப்பியதில் அது இல்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் ஆறேழு பேர் போனைக் காட்டி அவரை மறித்துவிட்டார்கள். அவர் அழுதுகொண்டே பாட்டி வீட்டு எண்ணைக் கொடுக்க, அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. நானும் இன்னொரு அட்மினும் ஓடினோம். நல்ல வேளை, யாரும் கை வைக்கவில்லை. ஆனால் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ், மாற்றுப் புடவை, மாத்திரை அட்டை எல்லாம் தரையில் கிடந்தன. நான் குனிந்து பொறுக்கும்போது அவர் "நான் என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டார். அன்று மாலையே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

எங்களுக்குத் தெரிந்த பழைய செய்தி ஒன்று அன்றைக்கு எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, சாமி கும்பிடப் போன ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்த வந்தவர்கள் என்று ஊரே திரண்டு அடித்தது. 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். அதற்கு முன் சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வீடியோக்களும் குரல் பதிவுகளும்தான் ஊரை அந்த மனநிலைக்குக் கொண்டுபோயிருந்தன. அந்தப் பஸ் ஸ்டாப்பில் அன்றைக்கு இன்னும் பத்து பேர் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம்தான் இரண்டாவது விதி. முகம் தெரியும் எந்தக் காட்சியும் சந்தேகத்தின் பேரில் குழுவுக்கு வரக் கூடாது. சி.சி.டி.வி.யில் ஏதாவது தெரிந்தால் முதலில் காவல் நிலையத்துக்கு, இல்லையென்றால் 112. வீடியோவை வெட்டாமல், முன்னாலும் பின்னாலும் பத்து நிமிஷம் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். போலீஸ் கேட்பதும் அதைத்தான். குழுவில் எழுத்தாக மட்டும் போடலாம். எழுத்திலும் நடந்தது வர வேண்டும், ஆளைப் பற்றிய ஊகம் வரக் கூடாது. "இன்று அதிகாலை 3.10, இரண்டாவது தெரு, 14-ஆம் எண் வீட்டு கேட்டை ஒருவர் ஏறிக் குதித்தார், சைக்கிள் போனது, புகார் கொடுத்தாயிற்று" என்றால் எல்லோரும் தங்கள் கேட்டைப் பூட்டுவார்கள். அதுவே போதும். "வடக்கத்திப் பசங்க மாதிரி இருந்தது" என்று ஒரு சொல் சேர்த்தால், மறுநாள் கட்டட வேலைக்குப் போகிற அத்தனை பேர் மேலும் கண் விழும். மொழி, ஊர், சாதி, மதம், உடை, நிறம் இந்த ஆறும் சந்தேகச் செய்தியில் வரக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறோம்.

சிறுவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. சைக்கிள் திருடிய பையன் பதினாறு வயதுக்காரனாக இருந்தாலும் படம், பெயர், வீடு எதுவும் போடக் கூடாது. வழக்கில் சிக்கிய குழந்தையை அடையாளம் காட்டுவதை 2015-ஆம் வருட சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. சட்டத்தைச் சொன்னதும் எதிர்த்துப் பேசியவர்கள்கூட அமைதியானார்கள்.

மூன்றாவது விதி, செய்திக்கு முடிவுத் தேதி. இது ஓர் இரத்த தான வேண்டுகோளால் வந்தது. ஓ நெகட்டிவ் அவசரம் என்று ஒரு செய்தி, கீழே ஒரு கைபேசி எண். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அதே இரத்த வகை. அவன் தயங்கியதால் நான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் ஓர் ஆண். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அது என் மனைவிக்காகப் போட்டதும்மா. அவங்க தவறி அஞ்சு மாசம் ஆச்சு. தினம் ரெண்டு போனாவது வருது. நம்பரை மாத்தலாம்னா, அவங்க போட்டோ, மெசேஜ் எல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த மனிதர் போட்ட முதல் செய்தியில் தேதி இல்லை. "இன்று", "அவசரம்" என்றுதான் இருந்தது. அந்த "இன்று" ஐந்து மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் போட்டதைத் திருத்த பதினைந்து நிமிஷம்தான் அவகாசம். எல்லோருக்குமாக நீக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு போட்டவர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தேதி செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். இரத்தம், காணாமல் போனவர், தொலைந்த பொருள் எதுவானாலும் முதல் வரியில் தேதியும் "இந்த நாளுக்குப் பிறகு கூப்பிட வேண்டாம்" என்ற நாளும். இரத்தம் என்றால் ஆஸ்பத்திரி பெயர், எத்தனை யூனிட், நோயாளியின் சொந்தக்காரர் எண். தேவை முடிந்ததும் அதே செய்திக்கு ரிப்ளை செய்து "முடிந்தது" என்று போட வேண்டும். போடாவிட்டால் அட்மின் கூப்பிட்டுக் கேட்பார். வெளியிலிருந்து வந்த வேண்டுகோளை அனுப்புவதற்கு முன், அனுப்புகிறவரே ஒருமுறை அந்த எண்ணுக்குப் பேசியிருக்க வேண்டும்.

மற்ற விதிகளுக்கு இவ்வளவு கதை இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் எதன் படமும் வரக் கூடாது. கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம் என்ற பெயரில் `.apk` என்று முடியும் கோப்பு வந்தால் தொடவும் கூடாது, அனுப்பவும் கூடாது. அதைத் திறந்து பணத்தை இழந்த வீடு ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அப்படி நடந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் பேச வேண்டும். கட்சி அரசியலுக்கு வேறு குழு ஆரம்பித்துக்கொள்ளலாம். விற்பனைச் செய்தி ஞாயிறு மட்டும். துக்கச் செய்தி எப்போதும் போடலாம், உடலின் படம் வேண்டாம்.

இதையெல்லாம் முதலில் எழுதியபோது இருபத்து மூன்று விதிகள் வந்தன. யாரும் படிக்கவில்லை. போனில் நீளமான செய்தி பாதியில் மடங்கி `Read more` என்று நின்றுவிடும். அதை அழுத்துகிறவர் குறைவு. அதனால் மடங்காத அளவுக்குச் சுருக்கினோம். இப்போது பின் செய்திருப்பது இதுதான்:

"நம் தெருக் குழு.
1. நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: யார், எங்கே, எத்தனை மணி.
2. இரட்டை அம்புக்குறி உள்ளது வேண்டாம்.
3. சந்தேகத்தின் பேரில் யார் முகமும் வேண்டாம். போலீஸ் 112. குழந்தைகள் படம் எப்போதும் வேண்டாம்.
4. உதவி கேட்டால் தேதி, முடியும் நாள். முடிந்ததும் 'முடிந்தது'.
5. ஆதார், ஓ.டி.பி., .apk வேண்டாம்.
ஆபத்தா? எந்த நேரமும் எழுதுங்கள், விதி பார்க்க வேண்டாம்."

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது அந்தச் சமையல் மேடைக் குடும்பத்துப் பெண். பின் செய்த செய்தி அதிகபட்சம் முப்பது நாள்தான் நிற்கும். அதனால் மாதம் பிறந்ததும் மறுபடி பின் செய்வது என் வேலை.

விதியைப் போட்ட முதல் மாதம் சண்டைதான். முதல் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எல்லோரும் மதிக்கிறவர், தினமும் காலையில் இரட்டை அம்புக்குறியோடு நான்கைந்து மருத்துவக் குறிப்பு போடுவார். அவர் செய்தியை அட்மின் நீக்கினால், இன்னார் நீக்கினார் என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். வயதில் பெரியவரை அப்படிச் சபையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நேரில் போனேன். "சார், இதுல எது உங்களுக்குத் தெரிஞ்சு சரின்னு சொல்லுங்க, அதை உங்க வார்த்தையில எழுதுங்க, நான் பின் பண்றேன்" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார். ஒரு வாரம் கழித்து, சர்க்கரை நோயாளியான தான் காலில் புண்ணைக் கவனிக்காமல் விட்டு ஒரு விரலை இழந்ததை எழுதினார். பதினாறு வரி. அன்றைக்கே இரண்டு பேர் போய்க் காலைக் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

அதிலிருந்து எங்கள் நடைமுறை இதுதான். முதல் முறை தனியாக ஒரு போன். இரண்டாவது முறை நீக்கிவிட்டு, ஏன் என்று தனியாக ஒரு வரி. மூன்றாவது முறை ஒரு வாரம் வெளியே, பிறகு நாங்களே திரும்பச் சேர்ப்போம். முகம் காட்டும் சந்தேக வீடியோவுக்கு மட்டும் போனுக்குக் காத்திருப்பதில்லை, பார்த்த நொடியில் நீக்கிவிடுவோம். பிறகு அது வேறு எந்தக் குழுவுக்குப் போனது என்று கேட்டு, அந்த அட்மின்களுக்கும் சொல்வோம். இதுவரை மூன்று பேரை ஒரு வாரம் வெளியே வைத்திருக்கிறோம். ஒருவர் திரும்ப வரவில்லை.

"நாளைக்கு யாராவது ஏதாவது போட்டா அட்மினைத்தானே பிடிப்பாங்க" என்று இன்னொரு அட்மின் விலகப் பார்த்தார். அவர் பயம் நியாயமானது, அதனால் விசாரித்தோம். அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக, வேறு யாரோ போட்டதற்கு அவர் மேல் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. போட்டவருக்குத்தான் பொறுப்பு. தான் எழுதாததை வெறுமனே அனுப்பியவருக்கும் அது உண்டு. பார்வர்ட் செய்வது அந்தச் செய்தியை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று அதே உயர் நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் சொன்னது. இரண்டையும் குழுவில் போட்டோம். அவர் அட்மினாகவே இருக்கிறார்.

சி.சி.டி.வி. வீடியோ போட்டவரும் குழுவில்தான் இருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தன் பேத்தியை நினைத்துப் பயந்துவிட்டார். பாட்டி வீட்டாரிடம் எண் வாங்கி, விழுப்புரத்துக்குப் பேசி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. "பாட்டிக்குக் காலைல வெந்நி ஆத்திக் குடுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

இந்த முறை மழை ஆரம்பித்த முதல் நாள், அறிவிப்புக் குழுவில் முதலில் வந்தது பாலத்துக்காரரின் செய்திதான்: "காலை 6.10. பாலம். முதல் கோட்டுக்குக் கீழே அரை அடி. நேத்து ராத்திரியும் இதேதான். நேர்ல போய்ப் பார்த்தேன்." அதற்குக் கீழே, இடுப்பு எலும்பு முறிந்த பெரியவரின் மகன், "மதியம் ரெண்டு மணிக்கு நான் போய்ப் பாக்கறேன் அண்ணா, நீங்க சாப்பிட்டுத் தூங்குங்க" என்று எழுதியிருந்தான்.